ஈட்டிய மதிப்பு மேலாண்மை

ஈட்டிய மதிப்பு மேலாண்மை என்பது ஒரு திட்டத்தில் முடிந்த வேலை, கடந்த காலம், ஆன செலவு ஆகிய மூன்றையும் பணம் என்ற ஒரே அளவுகோலால் அளந்து ஒப்பிடும் திட்ட மேலாண்மை முறையாகும். கட்டுமானம், பாதுகாப்புத் தளவாட உற்பத்தி, மென்பொருள் போன்ற பல துறைகளில் இது பயன்படுகிறது. இம்முறைக்குத் திட்டமிட்ட மதிப்பு, ஈட்டிய மதிப்பு, உண்மைச் செலவு என்னும் மூன்று எண்கள் அடிப்படையாகும். மற்ற குறியீடுகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்து கழித்தலாலும் வகுத்தலாலும் பெறப்படுகின்றன.

பொதுவாக ஒரு வேலையின் நிலையை அறிய, இதுவரை செலவிடத் திட்டமிட்ட தொகையையும் இதுவரை ஆன செலவையும் ஒப்பிடுவது வழக்கம். இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. செலவு குறைவாக இருந்தால், வேலை சிக்கனமாக நடந்ததா அல்லது வேலையே குறைவாக நடந்ததா என்பதை இந்த இரு எண்களால் சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவதே மூன்றாவது எண்ணான ஈட்டிய மதிப்பின் பணியாகும்.

## தோற்றம்

செய்து முடித்த வேலைக்கு முன்பே வகுத்த மதிப்பையும், அதற்கு உண்மையில் ஆன செலவையும் ஒப்பிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இருந்தது. 1967 ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்தங்களுக்காக 35 விதிகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஒப்பந்தக்காரர்கள் செலவையும் கால அட்டவணையையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று அத்தொகுப்பு வரையறுத்தது. 1998 இல் இது 32 விதிகள் கொண்ட இ.ஐ.ஏ-748 என்னும் அமெரிக்கத் தேசியத் தரமாக வெளிவந்தது. 2018 இல் ஐ.எஸ்.ஓ 21508 என்ற பன்னாட்டுத் தரம் வெளியிடப்பட்டது.

பெரிய அரசு ஒப்பந்தங்களில் பிறந்த முறையாக இருந்தாலும், இதன் கணக்கு எளிமையானது. ஒரு சிறிய வீடு கட்டும் வேலைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே இதைப் போட முடியும்.

## எடுத்துக்காட்டு: 500 சதுர அடி வீடு

ஒரு தளம் கொண்ட 500 சதுர அடி வீடு ஒன்று 16 வாரங்களில், ரூ. 12,00,000 செலவில் கட்டத் திட்டமிடப்பட்டுள்ளது எனக் கொள்வோம். பொருள்களை வீட்டு உரிமையாளரே வாங்குகிறார். மேஸ்திரி ஒருவர் கொத்தனார்களையும் சித்தாட்களையும் வைத்துக் கூலிக்கு வேலை செய்கிறார். வேலை ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தொகையும் காலமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

| வேலைப் பகுதி | ஒதுக்கீடு (ரூ.) | வாரம் |
|---|---|---|
| வானம் தோண்டுதல், அடித்தளம் | 2,40,000 | 1–4 |
| செங்கல் சுவர், லிண்டல், சன்ஷேடு | 2,40,000 | 5–8 |
| கூரை கான்கிரீட் | 2,40,000 | 9–10 |
| பூச்சு வேலை | 1,60,000 | 12–13 |
| மின்சாரம், குழாய் வேலை | 1,20,000 | 12–14 |
| கதவு, சன்னல் | 1,00,000 | 14–15 |
| தரை, வண்ணம் | 1,00,000 | 15–16 |
| மொத்தம் | 12,00,000 | |

11 ஆம் வாரத்தில் எந்தத் தொகையும் ஒதுக்கப்படவில்லை. கூரைக் கான்கிரீட்டுக்கு நீர் விட்டு, அது வலுப்பெறும் வரை காத்திருக்கும் வாரம் அது. வேலை ஓடாத காலமும் அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்பதால் அது காலியாகவே விடப்பட்டுள்ளது.

இந்த அட்டவணை அடிப்படைத் திட்டம் எனப்படும். வேலை தொடங்கிய பின் இதை இடையில் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒப்பிட நிலையான புள்ளி இல்லாமல் போய்விடும். உரிமையாளர் கூடுதலாக ஓர் அறை கேட்பது போன்று வேலையின் அளவே மாறும்போது மட்டும், அந்த மாற்றத்தைக் குறித்து வைத்து அட்டவணை திருத்தப்படுகிறது.

எட்டாவது வார முடிவில் இந்த வேலையின் நிலையை அறிய வேண்டியுள்ளது. உரிமையாளரின் செலவு நோட்டில் அதுவரை கொடுத்த பணம் ரூ. 4,75,000 என்று உள்ளது. அட்டவணைப்படி முதல் எட்டு வாரங்களுக்கான செலவு ரூ. 4,80,000. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் ரூ. 5,000 மிச்சம், எல்லாம் சரியாகவே நடக்கிறது என்ற முடிவுக்கு வர நேரிடும்.

## மூன்று எண்கள்

### திட்டமிட்ட மதிப்பு

ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஒதுக்கப்பட்ட தொகையே திட்டமிட்ட மதிப்பு. எட்டாவது வார முடிவுக்குள் அடித்தளமும் சுவரும் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். எனவே திட்டமிட்ட மதிப்பு 2,40,000 + 2,40,000 = ரூ. 4,80,000 ஆகும். இந்த எண்ணைக் கண்டறியக் கட்டட இடத்துக்குப் போக வேண்டியதில்லை, அட்டவணையும் நாட்காட்டியும் போதும்.

### ஈட்டிய மதிப்பு

உண்மையில் முடிந்த வேலைக்கு, அடிப்படைத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருந்த தொகை ஈட்டிய மதிப்பு ஆகும். அந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்பது இதில் சேராது. நூறு ரூபாய் ஒதுக்கிய வேலை முடிந்துவிட்டால், அதற்கு எண்பது செலவானாலும் நூற்றைம்பது செலவானாலும் ஈட்டிய மதிப்பு நூறு ரூபாய்தான். இதைக் கண்டறிய இடத்துக்குச் சென்று அளக்க வேண்டும்.

இந்த வீட்டில் அடித்தளம் முழுதாக முடிந்துள்ளது. ஆகவே அதன் ஒதுக்கீடான ரூ. 2,40,000 முழுவதும் ஈட்டப்பட்டுவிட்டது.

சுவர்ப் பகுதிக்கான ரூ. 2,40,000, தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 25 கன மீட்டர் செங்கல் கட்டுக்கு, ஒரு கன மீட்டருக்கு ரூ. 7,200 வீதம் ரூ. 1,80,000, லிண்டலுக்கும் சன்ஷேடுக்கும் ரூ. 60,000. நாடா வைத்து அளந்ததில் 15 கன மீட்டர் சுவர் எழும்பியுள்ளது. எனவே 15 × 7,200 = ரூ. 1,08,000 ஈட்டப்பட்டுள்ளது.

லிண்டலைக் கன மீட்டரில் இப்படி அளக்க முடியாது. கான்கிரீட் போடும் நாள்வரை அளக்க எதுவும் இல்லை, போட்ட மறுகணமே எல்லாம் முடிந்துவிடும். இத்தகைய வேலைக்குப் படிநிலைகள் முன்கூட்டியே வகுக்கப்படுகின்றன. இங்கே சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்தால் 60 விழுக்காடு, கான்கிரீட் போட்டு முடித்தால் மீதி 40 விழுக்காடு என்று விதி. கம்பி கட்டும் வேலை முடிந்திருப்பதால் 60,000 இல் 60 விழுக்காடாகிய ரூ. 36,000 ஈட்டப்பட்டுள்ளது.

ஆக, மொத்த ஈட்டிய மதிப்பு 2,40,000 + 1,08,000 + 36,000 = ரூ. 3,84,000.

### உண்மைச் செலவு

முடிந்த வேலைக்கு உண்மையில் ஆன செலவே இது. கையிலிருந்து வெளியேறிய பணமும் உண்மைச் செலவும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அவ்விரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வது இம்முறையில் அடிக்கடி நிகழும் பிழையாகும்.

உரிமையாளர் கொடுத்த ரூ. 4,75,000 இல், ரூ. 40,000 கூரைக்கான கம்பிக்குக் கொடுத்தது. விலை ஏறும் என்ற எண்ணத்தில் முன்கூட்டியே வாங்கப்பட்ட அந்தக் கம்பி இன்னும் கட்டடத்தின் பக்கத்தில் அடுக்கியே கிடக்கிறது. கூரை வேலையில் ஈட்டிய மதிப்பு எதுவும் இல்லாதபோது அதன் செலவை மட்டும் சேர்த்தால் ஒப்பீடு தவறாகிவிடும். ஆகவே அந்தத் தொகை இப்போதைக்குக் கழிக்கப்படுகிறது. மறுபுறம், சுவரில் ஏற்கெனவே வைத்துக் கட்டிய செங்கலுக்குச் சூளைக்காரருக்கு இன்னும் ரூ. 25,000 பாக்கி. பணம் கொடுக்கப்படாவிட்டாலும் அந்த வேலை முடிந்துவிட்டது என்பதால் அது சேர்க்கப்படுகிறது.

உண்மைச் செலவு: 4,75,000 − 40,000 + 25,000 = ரூ. 4,60,000. இதில் அடித்தளத்துக்கு ஆனது ரூ. 2,70,000, சுவருக்கு ஆனது ரூ. 1,90,000.

## மாறுபாடுகளும் குறியீடுகளும்

திட்ட மேலாண்மை மென்பொருள்களிலும் விரிதாள்களிலும் திட்டமிட்ட மதிப்பு PV என்றும், ஈட்டிய மதிப்பு EV என்றும், உண்மைச் செலவு AC என்றும், முழுத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு BAC என்றும் குறிக்கப்படுகின்றன. இவற்றிலிருந்து நான்கு அளவுகள் பெறப்படுகின்றன.

```
CV  = EV - AC = 384000 - 460000 = -76000
SV  = EV - PV = 384000 - 480000 = -96000
CPI = EV / AC = 384000 / 460000 = 0.83
SPI = EV / PV = 384000 / 480000 = 0.80
```

CV என்பது செலவு மாறுபாடு. ரூ. 3,84,000 மதிப்புள்ள வேலைக்கு ரூ. 4,60,000 செலவாகியுள்ளது, அதாவது ரூ. 76,000 கூடுதல். SV என்பது அட்டவணை மாறுபாடு. இந்நேரம் முடிந்திருக்க வேண்டிய வேலையில் ரூ. 96,000 மதிப்புள்ள வேலை இன்னும் முடியவில்லை. இரண்டிலும் கழித்தல் குறி பாதகமான நிலையைக் காட்டும்.

CPI என்னும் செலவுத் திறன் குறியீடு, செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை ரூபாய்க்கான வேலை கிடைத்தது என்று சொல்கிறது. இங்கே ஒரு ரூபாய்க்கு 83 காசு வேலை கிடைத்துள்ளது. SPI என்னும் அட்டவணைத் திறன் குறியீடு, நடந்திருக்க வேண்டிய வேலையில் எத்தனை பங்கு நடந்தது என்று சொல்கிறது. இங்கே ஐந்தில் நான்கு பங்கு நடந்துள்ளது. குறியீடு ஒன்றுக்கு மேல் இருந்தால் நன்று, கீழே இருந்தால் குறைவு.

ரூ. 5,000 மிச்சம் என்று தோன்றிய வேலை, உண்மையில் செலவிலும் காலத்திலும் பின்தங்கியிருப்பது இப்போது தெரிகிறது. வேலை மெதுவாக நடந்ததால் குறைந்த செலவும், ஒவ்வொரு வேலைக்கும் கூடுதலாக ஆன செலவும் ஒன்றையொன்று ஈடுகட்டி, நோட்டில் இரு எண்களையும் ஏறத்தாழ சமமாக்கிவிட்டன.

## காரணத்தைக் கண்டறிதல்

குறியீடுகள் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். ஏன் என்று சொல்லாது. அதற்கு மாறுபாட்டை வேலைப் பகுதி வாரியாகப் பிரிக்க வேண்டும்.

அடித்தளத்தில் 2,40,000 − 2,70,000 = ரூ. 30,000 கூடுதல் செலவு. வானம் தோண்டியபோது எதிர்பார்த்த ஆழத்தில் உறுதியான மண் கிடைக்காததால் இன்னும் ஆழமாகத் தோண்ட நேர்ந்தது. கான்கிரீட்டும் கூடுதலாகத் தேவைப்பட்டது. மண்ணுக்குள் நடந்த இந்த வேலை முடிந்துவிட்டதால், இதே காரணம் இனி வரப்போவதில்லை.

சுவரில் 1,44,000 − 1,90,000 = ரூ. 46,000 கூடுதல் செலவு. இதற்கு இரண்டு காரணங்கள். சன்னல் இருக்க வேண்டிய இடத்தை மாற்றிக் கட்டியதால் 2 கன மீட்டர் சுவரை இடித்துத் திரும்பக் கட்ட நேர்ந்தது. கொத்தனார்கள் மொத்தம் 17 கன மீட்டர் கட்டியிருந்தாலும், நிற்பது 15 கன மீட்டர் மட்டுமே. ஒரே வேலையைத் திரும்பச் செய்தால் செலவு இரு முறை சேரும், ஈட்டிய மதிப்பு ஒரு முறைதான் சேரும். இரண்டாவது காரணம், எம்-சாண்ட் லாரி குறித்த நாளில் வராததால் ஆட்கள் வந்தும் வேலையில்லாமல் இருந்த நாட்களுக்குக் கூலி கொடுக்க நேர்ந்ததாகும். மணல் வரத்து சீராகாதவரை இந்தக் காரணம் தொடரும்.

## முடிவுச் செலவை மதிப்பிடுதல்

எட்டாவது வாரத்தில் உரிமையாளருக்குத் தேவையான விடை, வீடு முடியும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதாகும். கூரையும் அதற்குப் பிந்தைய வேலைகளும் இன்னும் தொடங்கவில்லை என்பதால், தரைக்கு எந்த ஓடு, கதவுக்கு எந்த மரம் போன்ற முடிவுகளை இப்போதும் மாற்ற முடியும். கடன் வாங்கிக் கட்டுபவர் கூடுதல் தொகைக்கு ஏற்பாடு செய்யவும் நேரம் இருக்கிறது. பூச்சு வேலை நடக்கும்போது பணம் தீர்ந்தது தெரியவந்தால் இந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

முடிவுச் செலவு மதிப்பீட்டுக்கு ஒரே சூத்திரம் இல்லை. இதுவரை நடந்தது இனியும் தொடருமா என்பதைப் பொறுத்துச் சூத்திரம் மாறும்.

```
EAC = AC + (BAC - EV) = 460000 + 816000 = 1276000
EAC = BAC / CPI = 1200000 x 460000 / 384000 = 1437500
```

மீதி வேலை முழுவதும் திட்டமிட்ட செலவிலேயே முடியும் என்று கொண்டால் ரூ. 12,76,000 ஆகும். இதுவரை இருந்த திறனே கடைசிவரை தொடரும் என்று கொண்டால் ரூ. 14,37,500 ஆகும். இரண்டுக்கும் இடையே ரூ. 1,61,500 வேறுபாடு உள்ளது. எதை எடுப்பது என்பதைச் சூத்திரத்தால் தீர்மானிக்க முடியாது. மேலே கண்ட காரணங்களே அதைத் தீர்மானிக்கின்றன.

மண்ணால் வந்த செலவு திரும்ப வராது. சுவர் வேலையின் குறை, மீதியுள்ள சுவர் வேலையிலும் தொடரக்கூடும். இதைக் கணக்கில் கொண்டு, மீதிச் சுவருக்கு ஒதுக்கிய ரூ. 96,000 ஐ மட்டும் சுவர் வேலையின் சொந்தத் திறனான 1,44,000 / 1,90,000 ஆல் வகுத்தால் சுமார் ரூ. 1,26,700 வரும். அதனுடன் இதுவரை ஆன ரூ. 4,60,000 ஐயும், கூரை முதல் வண்ணம் வரையுள்ள ஒதுக்கீடான ரூ. 7,20,000 ஐயும் சேர்த்தால் சுமார் ரூ. 13,06,700 கிடைக்கிறது. மணல் வரத்து சீராகாவிட்டால் கூரையும் பூச்சும் இதே குறைக்கு ஆளாகும், மதிப்பீடும் மேலே நகரும்.

ரூ. 12,00,000 க்குள்ளேயே முடித்தாக வேண்டும் என்றால் என்ன தேவை என்பதையும் கணக்கிடலாம். மீதி வேலையின் மதிப்பு ரூ. 8,16,000; மீதிப் பணம் 12,00,000 − 4,60,000 = ரூ. 7,40,000. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.10 வருகிறது. இதுவரை ரூபாய்க்கு 83 காசு வேலை தந்த அதே ஆட்கள், இனி ரூபாய்க்கு 110 காசு வேலை தர வேண்டும். வேலையின் அளவையோ பொருளின் தரநிலையையோ குறைக்காமல் இது நடக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

## காலத்தைப் படிப்பதில் உள்ள சிக்கல்

அட்டவணை மாறுபாடு ரூபாயில் வருகிறது. ரூ. 96,000 பின்தங்கல் என்றால் எத்தனை நாள் என்பது நேரடியாகத் தெரிவதில்லை. அதை அறிய, இப்போது ஈட்டியுள்ள மதிப்பைத் திட்டப்படி எந்த வாரத்தில் ஈட்டியிருக்க வேண்டும் என்று பார்க்கலாம். நான்காம் வார முடிவில் ரூ. 2,40,000, அதன்பின் வாரத்துக்கு ரூ. 60,000. மீதி ரூ. 1,44,000 க்கு 2.4 வாரங்கள். எனவே ரூ. 3,84,000 ஐ 6.4 வாரங்களில் ஈட்டியிருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகியிருப்பதால் வேலை 1.6 வாரம் பின்தங்கியுள்ளது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் இது ஏறத்தாழ பத்து நாட்கள் ஆகும்.

ஈட்டிய காலம் எனப்படும் இந்த அணுகுமுறையை 2003 ஆம் ஆண்டு வால்ட் லிப்கே முன்வைத்தார். அட்டவணைத் திறன் குறியீட்டில் உள்ள ஓர் அடிப்படைக் குறையை இது சரிசெய்கிறது. இந்த வீடு 20 வாரங்களில் முடிகிறது எனக் கொள்வோம். 16 ஆம் வாரத்தோடு திட்டமிட்ட மதிப்பு ரூ. 12,00,000 இல் நின்றுவிடும். ஈட்டிய மதிப்போ தொடர்ந்து ஏறி, வீடு முடியும் நாளில் அதே ரூ. 12,00,000 ஐத் தொடும். அன்று SPI சரியாக 1.00 ஆகிவிடும். நான்கு வாரம் தாமதமாக முடிந்த வேலைக்கும் குறித்த நாளில் முடிந்த வேலைக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கிறது. ஆகவே திட்டத்தின் பிற்பகுதியில் இந்தக் குறியீடு உயர்வதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலத்தால் கணக்கிட்டால் 16 / 20 = 0.80 என்று தாமதம் அப்படியே நிற்கும்.

இன்னொரு குறையும் உண்டு. எந்த வேலை முந்தி நடக்க வேண்டும் என்பதை ஈட்டிய மதிப்பு அறியாது. பத்தாம் வார முடிவில் சுவர் முடிந்து, கூரை தொடங்காமல் இருக்கிறது எனக் கொள்வோம். ஈட்டியது ரூ. 4,80,000, திட்டமிட்டது ரூ. 7,20,000, குறியீடு 0.67. இந்நிலையில் தச்சர் கதவு சன்னல்களை முன்கூட்டியே செய்து கொடுத்து, அதற்கான ரூ. 1,00,000 முழுவதும் ஈட்டியதாகக் கணக்கிடப்பட்டால் குறியீடு 0.81 ஆக உயரும். ஆனால் கூரை இல்லாமல் பூச்சு தொடங்காது, பூச்சு இல்லாமல் தரை போடப்படாது. வீடு முடியும் நாள் ஒரு நாள்கூட முந்தவில்லை. இதனால்தான் குறியீட்டோடு சேர்த்து, முடிவு நாளைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரையும் தனியே பார்க்க வேண்டியுள்ளது.

## கணக்கு எங்கே பொய்யாகிறது

மூன்று எண்களில் திட்டமிட்ட மதிப்பு தாளிலிருந்து வருகிறது, உண்மைச் செலவு ரசீதுகளிலிருந்து வருகிறது. ஈட்டிய மதிப்பு மட்டும் ஒருவரின் அளவீட்டிலிருந்து வருகிறது. எனவே பிழை நுழைய எளிதான இடம் அதுவே.

மேஸ்திரியிடம் கேட்டால் சுவர் 80 விழுக்காடு முடிந்தது என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. லிண்டல் மட்டம்வரை எழும்பிய சுவர் பார்வைக்கு முடிந்ததுபோலத்தான் தெரியும். 80 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் ஈட்டிய மதிப்பு 2,40,000 + 1,92,000 = ரூ. 4,32,000 ஆகிவிடும், செலவுத் திறன் 0.94 என்று காட்டும். பிழை அடுத்தடுத்த வாரங்களில் வெளிப்படும். வேலை 80, 85, 88 என்று நகர்ந்துகொண்டே முடியாமல் நிற்கும். முன்னேற்றம் தொண்ணூறை நெருங்கி அங்கேயே தங்கிவிட்டால், விழுக்காடு கண்ணால் போடப்பட்டது என்பதற்கு அது அடையாளமாகும். கன மீட்டர், சதுர மீட்டர், முன்பே வகுத்த படிநிலை ஆகியவற்றால் அளப்பது இதைத் தடுக்கும். ஓரிரு நாளில் முடியும் சிறு வேலைகளுக்கு, முடியும்வரை சுழியம், முடிந்ததும் நூறு என்ற விதியே போதும்.

இரண்டாவது பிழை ஒதுக்கீட்டிலேயே தொடங்குகிறது. பொருளும் கூலியும் சேர்த்து முழு ஒப்பந்தமாக விடும் வேலைகளில், தொடக்கக் கட்டங்களுக்குக் கூடுதல் பணம் கேட்கப்படுவதுண்டு. அந்தப் பணத் தவணைகளையே ஒதுக்கீடாக வைத்துக்கொண்டால் கணக்கு சாய்ந்துவிடும். மேற்கண்ட வீட்டில் அடித்தளத்துக்கு ரூ. 2,40,000 க்குப் பதிலாக ரூ. 3,60,000 ஒதுக்கி, கூடுதலான ரூ. 1,20,000 ஐப் பின்வரும் வேலைகளில் குறைத்திருந்தால், எட்டாவது வாரத்தில் ஈட்டிய மதிப்பு ரூ. 5,04,000 ஆகியிருக்கும். அதே ரூ. 4,60,000 செலவுக்கு 1.10 என்ற நல்ல குறியீடு கிடைத்திருக்கும். கட்டடத்தில் ஒரு செங்கல்கூடக் கூடியிருக்காது. முழு ஒப்பந்தத்தில் உரிமையாளர் ஒப்பிட வேண்டியது, தான் கொடுத்த மொத்தத் தவணையையும் உண்மையான விலையில் கணக்கிட்ட ஈட்டிய மதிப்பையும் ஆகும். தவணை முந்தியிருந்தால், ஒப்பந்தக்காரர் இடையில் வேலையை நிறுத்தும்போது அந்த வேறுபாடு முழுவதும் உரிமையாளரின் இழப்பாகும்.

மூன்றாவது, எண்கள் சரியாக இருந்தும் அவற்றை ஏற்காமல் விடுவது. அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கப்பட்டுவந்த ஏ-12 போர் விமானத் திட்டம் 1991 சனவரியில் கைவிடப்பட்டது. அத்திட்டத்தின் ஈட்டிய மதிப்புத் தரவுகள் செலவு மீறலை முன்பே காட்டியிருந்தன. ஆயினும் மேலிடத்துக்குச் சென்ற மதிப்பீடுகள் அத்தரவுகள் சுட்டியதைவிட நம்பிக்கை மிகுந்தவையாக இருந்தன. மேலே கண்ட வீட்டில் காரணத்தை ஆராயாமல் ரூ. 12,76,000 என்ற சிறிய மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொள்வதும் இதே வகையான பிழைதான்.

ஈட்டிய மதிப்பு வேலையின் தரத்தை அளப்பதில்லை. தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காத சுவரும் கன மீட்டர் கணக்கில் முழு மதிப்பை ஈட்டிவிடும். ஆகவே தர ஆய்வில் தேறிய வேலையை மட்டுமே முடிந்த வேலையாகக் கணக்கில் எடுக்கும் விதி பல இடங்களில் பின்பற்றப்படுகிறது. அவ்விதி இருந்தால், பின்னால் இடிக்கப்படும் சுவர் முதலில் மதிப்பை ஈட்டிப் பிறகு இழப்பதும் தவிர்க்கப்படும்.